எந்த ராத்திரி வண்டி

இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல வலித்தது தமிழரசனுக்கு. அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலையில் ராத்திரி முழுக்க நெருப்புச் செங்கல் இறக்கிவிட்டு, காலையில் அப்படியே பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பர்சானாவின் பிரவுசிங் சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டதும் கேட்காமலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போன்ல ரெண்டு போட்டோ இருக்கும்மா. பிரிண்ட் எடுத்துக் குடு."

கடப்பா பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலைச் சூளையை வருசத்துக்கு ஒருமுறை நிறுத்தி, உள்ளே செங்கல் மாற்றும் வேலை. தமிழரசனையும் சேர்த்து நாலு பேர் போகிறார்கள். முன்னாலேயே ஆந்திரா போய்விட்ட சூப்பர்வைசர் சரத்குமார், ரயில் டிக்கெட் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். சனிக்கிழமை காலை ஆலை கேட்டில் மெடிக்கல். அதில் ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் வடக்கத்தி ஆளை நிறுத்திவிடுவார்கள். இந்த வேலை போனால் அடுத்த சூளை தீபாவளிக்கு மேல்தான். அதுவரைக்கும் மூட்டை தூக்கியே இடுப்பு போய்விடும்.

பேப்பர் வெளியே வந்தது. தமிழரசன் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

முதல் டிக்கெட்: அரியலூர், 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை 00:40. எழும்பூர் 05:10. இரண்டாவது: சென்னை சென்ட்ரல், அதே 15-ஆம் தேதி 06:25.

"அடப்பாவி! வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறுறவன் சனிக்கிழமை விடியத்தான் சென்னைக்குப் போவான். இவன் வெள்ளிக்கிழமை காலையிலயே அடுத்த வண்டிக்குப் போட்டு வச்சிருக்கான். போன வண்டியப் புடிக்க நான் என்ன பின்னாலயா ஓடுறது?"

பர்சானா நிமிர்வதற்குள் சரத்குமாருக்குப் போன் போட்டுவிட்டான். லவுட் ஸ்பீக்கரில் சரத்குமார் முதலில் சிரித்தான், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துப் பதறினான்.

"ஆமாண்ணே! ஆபீஸ்ல அந்தப் பொண்ணு தேதிய மாத்திப் போட்டுருச்சு. நான் ரெண்டாவது டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு சனிக்கிழமைக்குக் கெடைக்குதான்னு பாக்குறேன்."

"சனிக்கிழமை ஏறுனா மெடிக்கலுக்கு எப்படிடா வந்து நிப்போம்?"

"நான் ஆலைல பேசிப் பாக்குறேன். அவங்க ஒத்துக்கிட்டாத்தான். இல்லன்னா எம்மேல கோவிச்சுக்காதீங்க."

"சார், கேன்சல் பண்ணாதீங்க!" பர்சானா கத்தியே விட்டாள். "லைன்லயே இருங்க. அண்ணே, 00:40ன்னா எந்த ராத்திரி?"

"வெள்ளிக்கிழமை ராத்திரிதான். பதினஞ்சுன்னு போட்டிருக்குல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

தமிழரசனுக்கு எரிச்சல். "நாங்க பாக்குற வேலைல அப்படித்தாம்மா. புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு உள்ள போயி இன்னிக்கு வியாழக்கிழமை ஆறு மணிக்கு வெளிய வந்தேன். வருகைப் பதிவுல புதன்கிழமைன்னுதான் விழும். ராத்திரி எந்த நாள்ல ஆரம்பிச்சுதோ அந்த நாளுதான்."

"ஆமா, கரெக்டு" என்றான் போனில் சரத்குமார். அவனும் அதே ஆலையில் செங்கல் சுமந்து மேலே வந்தவன்.

"ஒங்க ஆலைக்கு அப்படி. ரயிலுக்கு அப்படி இல்லண்ணே. மணி பன்னெண்டு அடிச்சா தேதி மாறிடும். எங்க ஊரு லப்பைக்குடிக்காட்டுல ஒரு மாமா இதே மாதிரி துபாய் பிளைட்டுக்கு ஒரு நாள் கழிச்சு ஏர்போர்ட்டு போயி நின்னாரு. பிளைட்டு அதுக்குள்ள அங்க எறங்கி, திரும்பவும் கெளம்பிருச்சு. மாமி இன்னும் சொல்லிச் சொல்லிக் காட்டுறாங்க."

அவள் கம்ப்யூட்டரில் அந்த வண்டியின் நேர அட்டவணையைத் திறந்து திரையைத் திருப்பினாள். தெற்கே சாயங்காலம் கிளம்புகிற இடத்தில் நாள் ஒன்று என்றிருந்தது. திருச்சி தாண்டி அரியலூர் வரியில் நாள் இரண்டு.

"இன்னிக்கு சாயங்காலம் கெளம்புற வண்டி நடுராத்திரி தாண்டி அரியலூர் வருது. அப்ப தேதி பதினஞ்சு ஆயிருக்கும். நீங்க ஏற வேண்டியது நாளைக்கு ராத்திரி இல்ல, இன்னிக்கு ராத்திரி."

"கேன்சல் பட்டன்ல கைய வச்சிருந்தேண்ணே" என்றான் சரத்குமார், சின்னக் குரலில்.

"கைய எடு நாயே!"

தமிழரசனுக்குப் பாதிக் கவலை போயிற்று. மீதி போகவில்லை. 05:10-க்கும் 06:25-க்கும் நடுவில் ஒண்ணே கால் மணி நேரம். போன முறை வண்டி செங்கல்பட்டில் நின்றது நின்றபடி கிடந்தது ஞாபகம் வந்தது.

"பத்துமாம்மா? எறங்கி அடுத்த பிளாட்பாரம்தானே?"

"அதான் இல்ல. எழும்பூர் வேற, சென்ட்ரல் வேற. வெளிய வந்து ஆட்டோ புடிக்கணும். இருங்க, எவ்வளவு லேட்டா வருதுன்னு பாப்போம்."

அந்த வண்டி போன வாரம் எழும்பூருக்கு வந்த நேரங்களைப் பர்சானா எடுத்துப் பார்த்தாள். சில நாள் நேரத்துக்கே வந்திருந்தது. மோசமான நாளில் இருபத்தைந்து நிமிடம் தாமதம்.

"அந்த மோசமான நாளையே வச்சுக்குவோம். அஞ்சு முப்பத்தஞ்சுக்கு எறங்குறீங்க. மூட்டை முடிச்சோட வெளிய வரக் கால் மணி. விடியக்காலைல ரோடு காலியா இருக்கும், சென்ட்ரலுக்கு இன்னொரு கால் மணி. அப்பவும் இருபது நிமிசம் கையில நிக்குது. டீ குடிக்கிறேன்னு எழும்பூர்ல மட்டும் உக்காந்துராதீங்க."

"எங்கூட வர்ற அந்தப் பாவாடைப் பயலத்தான் டீக்கடைலேருந்து கெளப்ப முடியாது" என்றான் தமிழரசன். அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தான். இடுப்பு வலி சிரிப்போடு சேர்ந்து இழுத்தது.

அடுத்த போன் பாவாடைக்கு.

"இன்னிக்கா? யோவ் மாமா, துணி எல்லாம் தண்ணில கெடக்குதுய்யா!"

"ஈரத்தோட போட்டுக்கிட்டு வா. மத்த ரெண்டு பேரையும் நீதான் கூட்டிக்கிட்டு வரணும். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் அரியலூர் ஸ்டேஷன்ல நிக்கணும்."

மறுநாள் விடியக்காலையில் எழும்பூரில் வண்டி நுழைந்தபோது மணி ஐந்து இருபது. பாவாடை டீக்கடைப் பக்கம் திரும்பியபோது தமிழரசன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டோவில் திணித்தான். சென்ட்ரலில் கடப்பா வண்டி காலியாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நாலு பேரும் ஏறி, கரணை, சுத்தியல் பைகளை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தபோது கிளம்ப இன்னும் அரை மணி இருந்தது. பாவாடை இறங்கி ஓடி நாலு டீயோடு வந்தான். அந்த டீயைப் போல ஒன்றை ரொம்ப நாளாகக் குடித்ததில்லை என்று தமிழரசனுக்குத் தோன்றியது. சரத்குமாருக்கு போட்டோ அனுப்பினான். 'ஏறியாச்சு.'

பெண்டாட்டி கவிதா போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஏறிட்டீங்களா?"

"சொகமா உக்காந்திருக்கேன். ஒன் பக்கம் என்ன சத்தம் அது?"

"சிறுவாச்சூர் கோயிலுக்குப் போற பஸ்ல இருக்கேன். வெள்ளிக்கிழமையாச்சே, நடை தெறந்திருக்கும். சிந்துவையும் கூட்டிக்கிட்டு மாவெளக்குப் போடப் போறேன்."

மகள் சிந்துவை டெங்குவில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து வேண்டிக்கொண்டது. அவள் பங்கு மாவிளக்கு. அதை அவள் இன்றைக்கே முடித்துவிடுவாள்.

"ஒங்களது?" என்றாள் கவிதா.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. தமிழரசன் தலைமுடிக்குள் விரலை விட்டான். சிமெண்ட் தூசி இன்னும் போகவில்லை.

"வந்து குடுக்குறேன்னு ஆத்தாகிட்ட சொல்லு. ஒரு மொட்டை பாக்கி."