மூன்று வார்த்தை

வாரப் பத்திரிகை அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகப் பக்கம் திருத்துகிறவள் அக்கா. தன் ஓரகத்திக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். கொழுந்தன் பெண்டாட்டி வீட்டிலேயே கிடக்கிறாளே என்று பரிதாபப்பட்டது தப்பாகப் போயிற்று. ஆறே மாதத்தில் ஆசிரியர் வாயில் அவள் பேர் சர்க்கரையாய் இனித்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள், பத்திரிகையின் முதல் பக்கப் பொறுப்பு காலியாயிற்று. பாலம் இடிந்த செய்தி நானூறு வார்த்தைக்கு வந்திருந்தது. பக்கத்தில் இருந்த இடமோ இருநூறுக்குத்தான்.

"ரெண்டு பேரும் தனித்தனியா சுருக்குங்க. விஷயம் ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. யாருது நல்லா இருக்கோ, முதல் பக்கம் அவங்களுக்கு" என்றார் ஆசிரியர்.

அக்கா அறுத்துத் தள்ளினாள். 'மழை பெய்த காரணத்தினால்' என்பது 'மழையால்' ஆயிற்று. 'ஆய்வுப் பணியினை மேற்கொண்டனர்' என்பது 'ஆய்ந்தனர்' ஆயிற்று. எண்ணிப் பார்த்தாள்: நூற்றுத் தொண்ணூற்றெட்டு. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஓரகத்தியின் திரையை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே நூற்றுத் தொண்ணூற்றெட்டு!

விடுவாளா? அவளைவிட ஒரு வார்த்தையாவது குறைத்தாக வேண்டும். இருக்கைக்குத் திரும்பி, கத்தியைத் தீட்டிக்கொண்டு மறுபடி வரிவரியாகத் தேடினாள். 'தூண்கள் தரமற்றவை என்று அப்பகுதியினர் கூறுகின்றனர்.' யார் சொன்னால் என்ன, தூண் தூண்தானே? கடைசி மூன்று வார்த்தையைத் தூக்கினாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து.

அச்சடித்த தாளோடு எழுந்தவளை ஓரகத்தி வழிமறித்தாள். இவள் தாளை அவளும் ஓரக்கண்ணால் மேய்ந்திருக்கிறாள் போலும்.

"அக்கா, அந்தத் தூண் வரியில 'கூறுகின்றனர்' போட்டுடுங்க. இல்லேன்னா தப்பாயிடும்."

"ஏன், என் கணக்கு ஏறணுமா உனக்கு?"

"ஐயோ, அதுக்கில்லக்கா..."

"போம்மா, போய் உன் வேலையைப் பாரு."

ஆசிரியர் இரண்டு தாளையும் படித்தார். அக்காவின் தாளில் பேனா நின்றது.

"தூண் தரமில்லன்னு நாமளே சொல்றோமா? யாராவது சோதிச்சாங்களா?"

"அது... ஊர்க்காரங்க சொன்னது சார்."

"அந்த ஊர்க்காரங்க எங்கே? இதை அப்படியே போட்டா, கட்டினவன் நாளைக்கு வக்கீலோட வாசல்ல நிப்பான். வெட்டச் சொன்னது சதையை இல்லம்மா."

முதல் பக்கம் ஓரகத்திக்குப் போயிற்று.

மறுநாள் அவள் முதல் பக்கத்துக்கான தன் செய்தியை நீட்டினாள். "அக்கா, நீங்க ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி."

குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா? அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூன்று முறை படித்தாள். எடுக்கவும் ஒரு வார்த்தை இல்லை, சேர்க்கவும் இல்லை.

"பரவாயில்ல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.