தொட்டிலுக்கு மேலே மூன்றாவது பாட்டு

நாத்தனார் அனுப்பிய போட்டோவில் தொட்டிலுக்கு மேலே சுவரில் தூரிகையால் எழுதிய தாலாட்டு இருந்தது. இரண்டு பாட்டு, பாட்டுக்கு இரண்டு அடி. 'அண்ணி, இதே மெட்டுல, இதே அளவுல இன்னொண்ணு எழுதிக் குடுங்க. குட்டிப்பாப்பாவுக்கு.'

அவள் அச்சகத்தில் பிழைதிருத்துபவள். முதலில் கண்ணில் பட்டது போட்டோவின் அடிப்பக்கம்தான். இரண்டாவது பாட்டை ஒட்டி வெட்டியிருந்தார்கள். சுவர் அங்கேயா முடிகிறது?

போன் போட்டாள். "யார் எழுதினது?"

"யாரோ... பழசு அண்ணி." குரல் வழுக்கியது. மெட்டை மட்டும் பாடிக் காட்டினாள்.

சந்தேகத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள்.

*வாசல் விளக்கணைச்சு வானம் உறங்குதடி*
*ஓசை குறைஞ்சிருச்சு ஊரும் உறங்குதடி*

அடிக்கு நான்கு சீர். ஒன்றும் மூன்றும் குட்டை, இரண்டும் நான்கும் நீளம். குட்டைச் சீர் ஒவ்வொன்றும் நெடிலில் தொடங்குகிறது, மெட்டு அங்கேதான் இழுக்கிறது. அவள் முதலில் எழுதியது 'மழைத்துளி' என்று தொடங்கியது. பாடிப் பார்த்தாள். 'ம'வை இழுத்ததும் 'மாழை' ஆகிவிட்டது. அடித்தாள். 'காற்று' என்று மாற்றினாள். கா நன்றாக இழுபட்டது. 'வாசல்', 'ஓசை' போல எதுகைக்கு அடுத்த அடியிலும் இரண்டாம் எழுத்து 'ற்' வேண்டும்: 'நேற்று'. எழுதியவள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டாள். எழுதியவள் என்று ஏன் தோன்றியதோ?

மறுநாள் மெட்டைச் சரிபார்க்க முணுமுணுத்தாள். முகம் மழித்துக்கொண்டிருந்த கணவன் கண்ணாடியைப் பார்த்தபடியே எடுத்துப் பாடினான்: "மாமி மடியிருக்கு, மாமன் குரலிருக்கு..."

சட்டென்று நிறுத்தினான்.

"இந்த அடி போட்டோவுல இல்லையே."

"எங்கயோ கேட்டது."

அளவு இம்மி பிசகவில்லை. இது அந்தச் சுவரில் உள்ளதுதான். அதில் வரும் மாமி யார்? பழசு என்றால் நாத்தனாரின் மூத்த பிள்ளைக்கு எழுதியதாகத்தான் இருக்கும்; அது பிறந்தபோது இவள் இந்தக் குடும்பத்திலேயே இல்லை.

அன்று மாலையே சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வெள்ளைப் பெயிண்ட் டப்பா திறந்திருந்தது. மூன்றாவது பாட்டின் பாதி மறைந்திருந்தது. 'மாமி' மட்டும் பளிச்சென்று நின்றது.

நாத்தனார் தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "முதல் அண்ணி எழுதினது. எல்லாமே அவங்கதான். நீங்க பாப்பாவைப் பாக்க வரப்போ மனசு நோகக் கூடாதுன்னு..."

"அதை மூடத்தான் என்னை எழுதச் சொன்னியா?"

"அளவு ஒத்தாத்தானே அந்த இடத்துல பொருந்தும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாக அந்தப் பெண்ணின் மூச்சை அல்லவா அளந்துகொண்டிருந்திருக்கிறாள்! கோபம் வந்தது. ஆனாலும் நல்ல அடியின் மேல் வெள்ளையடிக்கக் கை வரவில்லை.

"துடைச்சிடு, இன்னும் காயல. கீழ இடம் இருக்கு பாரு." தூரிகையை வாங்கிக் கழுவி, புதுப் பாட்டுக்கென்று வைத்திருந்த கறுப்புப் பெயிண்டில் தோய்த்து எழுதினாள்:

*காற்று நடந்துவந்து காதில் கதைபடிக்கும்*
*நேற்று முளைச்சநிலா நீளப் படுத்திருக்கும்*

நாத்தனார் பாடினாள். எங்கும் தட்டவில்லை. பாப்பா கொட்டாவி விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கேட்டாள்: "மெட்டு யாரோடது?"

"என்னோடது," என்றான் மெதுவாக.

"வேற என்னென்ன மனப்பாடமா இருக்கு?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.