போட்டாச்சா

அம்மாவுக்கு எதுவும் நினைவில் நிற்காது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கேஸ் புத்தகத்தை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு மூன்று நாள் தேடுவாள். நான் படித்த படிப்பின் பெயர்கூட அவளுக்குச் சொல்ல வராது. கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ கணக்கு" என்பாள். அதனால்தான் விசா விதிகளை மூன்று முறை விளக்கினேன், சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு.

"என் மாணவர் விசா வெள்ளிக்கிழமையோட முடியுதும்மா. அதுக்குள்ள, இங்க இருந்துகிட்டே, அடுத்த விசாவுக்கு விண்ணப்பம் போடணும். கிடைச்சா ரெண்டு வருஷம் வேலை பார்க்கலாம். ஊருக்கு வந்துட்டா அங்கேருந்து போட முடியாது. போட்டப்புறம் முடிவு வர்ற வரைக்கும், ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, நாட்டை விட்டு வெளிய போகக் கூடாது. போனா விண்ணப்பம் செல்லாது. புரியுதா?"

"புரியுது. போட்டாச்சா?"

போடவில்லை. போடுவதா வேண்டாமா என்று ஆறு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பகலில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. கையில் மாட்டிய ஸ்கேனர் எந்த அலமாரி, எந்தப் பெட்டி என்று சொல்லும். போய் எடுக்க வேண்டும். கொஞ்சம் நின்றால் மேற்பார்வையாளர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்பார். அக்கறையோடு கேட்கிற மாதிரிதான் இருக்கும். முதுகலைப் பட்டம் வாங்கியவள் செய்கிற வேலை இது.

அறையைப் பகிர்ந்துகொள்ளும் சீனியர் எனக்கு இரண்டு வருடம் முன்னால் படித்தவள். நான் யோசித்துக்கொண்டிருக்கும் அதே விசாவில் அவளுக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி.

"ரெண்டு வருஷம் குடுப்பாங்க, சரி," என்றாள் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே. "ஆனா இது ஒரே தடவைதான். நீட்டிக்க மாட்டாங்க. அதுக்குள்ள உன்னை வேலைக்கு எடுத்து, விசாவுக்கு ஸ்பான்சர் பண்ண ஒரு கம்பெனி வேணும். இருநூத்துப் பதினாலு இடத்துக்கு எழுதியாச்சு. மாப்பிள்ளைகூடக் கிடைச்சிடுவான்டி, ஸ்பான்சர் கிடைக்க மாட்டான்."

"அப்ப நான் போயிடட்டுமா?"

"போ. நான் இருந்து என்ன சாதிச்சேன்? ஆனா போயிட்டு 'அய்யோ இருந்திருக்கலாமே'ன்னு எனக்கு போன் பண்ணக் கூடாது."

ஊரில் என் பழைய அலுவலகம் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. சம்பளம் வரும், ஆனால் அதில் பாதிக்கு மேல் கல்விக் கடன் தவணைக்கே போய்விடும். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. என் சேமிப்போ ஒன்று விண்ணப்பத்துக்கு, இல்லையென்றால் டிக்கெட்டுக்கும் முதல் நாலு தவணைக்கும் என்ற அளவில் இருந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, எனக்கு இரண்டு காலுமே சேற்றில்தான்.

விசா முடிய ஐந்து நாள் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா முகம் மட்டும் தெரிந்தது. திரை முழுக்க நெற்றியும் மூக்குத்தியும்.

"அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறார். போட்டாச்சா?"

"போன தடவையும் குளிச்சுகிட்டுதானே இருந்தார்?"

"மனுஷன் தினமும் குளிக்க மாட்டாரா? அதை விடு. போட்டாச்சா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. பணம் காய்க்கிற மரமாக இங்கே நட்டு வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றக்கூட மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தில்தான் முடிவும் வந்தது. போய்விடுவது. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து டிக்கெட் விலையும் பார்த்துவிட்டேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு லேசாக இருந்தது.

புதன்கிழமை மதிய இடைவேளையில், கிடங்கின் சாப்பாட்டு அறையிலிருந்து வீட்டுக்குப் பேசினேன்.

"அம்மா, நான் வந்துடறேன். முடிவு பண்ணிட்டேன்."

அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"வந்து இங்க என்னத்தக் கிழிக்கப் போற? வீட்டை அடகு வச்சு அனுப்பினது நீ திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்துகிட்டு உட்காரவா? பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இங்க உனக்கு ஒண்ணும் இல்ல. வராத."

என் அம்மா இதுவரை என்னை வராதே என்று சொன்னதில்லை. எதிரே ஒருத்தர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்; அவர் முன்னால் அழக் கூடாது என்பதற்காகவே கைப்பேசியை எடுத்து விண்ணப்பத்தைத் திறந்தேன். கடவுச்சீட்டை ஏற்கெனவே ஸ்கேன் செய்து, படிவத்தையும் நிரப்பி வைத்திருந்தேன். பல்கலைக்கழகம் நான் தேறிய விவரத்தையும் விசா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டது. பணம் கட்டுவதுதான் பாக்கி. கட்டணம், மருத்துவச் சேவைக்கான தொகை, இரண்டையும் கட்டினேன். 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று வந்ததைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'போட்டாச்சு. சந்தோஷமா?'

ஐந்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"தங்கம், அப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். இதயத்துல மூணு அடைப்பாம். பத்து நாளா ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"சொன்னா நீ அடுத்த பிளேன்ல வந்துடுவே. வந்தா திரும்பப் போக முடியாது. நீதானே சொன்ன, போட்டுட்டா வெளிய வர முடியாதுன்னு? அதான் போடற வரைக்கும் வாயைத் திறக்கல. அவர் இனிமே வேலைக்குப் போக மாட்டார்டி. நீயும் கையை விரிச்சுட்டா வீடு போயிடும்."

எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத என் அம்மா அந்த ஒரு விதியை மட்டும் எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தாள். அதை வைத்தே என்னைப் பூட்டிவிட்டாள். அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

விடுப்பு சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரிடம் ஓடினேன். நல்ல மனுஷி. தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னார். நான் கிளம்பினால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கிளம்பிய அன்றே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். மாணவர் விசா வெள்ளியோடு சரி. வெளியிலிருந்து மறுபடி போட வழியில்லை. நெருக்கடிக்கு விதிவிலக்கு இருக்கிறதா என்று கேட்டேன். தலையை மெல்ல ஆட்டி, இல்லை என்றார்.

டிக்கெட்டுக்குச் சீனியர் கடன் தருவதாகச் சொன்னாள். அறையில் பெட்டியைத் திறந்து இரண்டு சட்டை வைத்தேன். வங்கியில் இருக்கும் பத்திரம் ஞாபகம் வந்தது. சட்டை இரண்டையும் வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன். அப்போது வீடியோ அழைப்பு வந்தது.

அப்பா. கட்டிலில் சாய்ந்திருந்தார், கன்னம் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் அம்மாவின் தோள் தெரிந்தது.

"கண்ணு, அம்மா எல்லாத்தையும் சொன்னா. போன வாரமே உனக்குத் தெரியுமாமே. லீவு குடுக்க மாட்டேங்கிறாங்களாமே." மூச்சு வாங்கிக்கொண்டார். "வரலைன்னு நான் தப்பா எடுத்துக்கலம்மா. புது இடம், புது வேலை. நீ என்ன பண்ணுவே."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. போர்வை நுனியைப் பார்த்தார். அம்மா குனிந்து முகத்தைத் திரைக்குள் கொண்டுவந்தாள். என்னையே பார்த்தாள். இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவர் அவளைத் திட்டுவார், என்னை வா என்பார். நாளை காலை ஆபரேஷன்.

"ஆமாப்பா," என்றேன். "கேட்டுப் பார்த்தேன். குடுக்கல."

"பரவால்ல. வேலைதான் முக்கியம்." கொஞ்சம் சிரித்தார். "அந்த விசா என்னமோ சொல்லிட்டு இருந்தியே, அது போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா."