எனக்கு மட்டும் தெரிந்த பதில்

எங்கள் மகளிர் குழுவின் ஃபேஸ்புக் பேஜில் என் பெயர் முதல்முதலாக வந்தது ஒரு மன்னிப்பில்தான்.

பேஜ் தொடங்கிய நாளிலிருந்து அதன் முகப்பில் நிற்பவை என் துணிப் பொம்மைகள். யார் செய்தது என்று ஒரு வரி இருக்காது. "ஆளாளுக்குப் பேரு போட்டா பொறாமைதான் வளரும். எல்லாம் குழுவோடது" என்று தலைவி அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார். முழு அட்மின் அவர் ஒருவர்தான். யாரைச் சேர்ப்பது, யாரைத் தூக்குவது எல்லாம் அவர் கையில். படம் போடவும் கமெண்டுகளைப் பார்த்துக்கொள்ளவும் தன் நாத்தனாருக்கு உரிமை கொடுத்திருந்தார். மற்றவர்களுக்கு லைக் போடும் உரிமை இருந்தது. அது ஊரில் போகிற வருகிற எல்லோருக்கும் இருக்கிறது.

அப்படியிருக்க, ஒரு தாய் வந்து ஒரு பொம்மைப் படத்தின் கீழே எழுதியிருந்தாள். பொம்மையின் கண்ணுக்கு வைத்த பொத்தான் கழன்று குழந்தையின் வாய்க்குள் போய்விட்டதாம். விரலை விட்டு எடுத்தாளாம். அதற்குப் பேஜின் பதில்: "மன்னிக்கவும். இதைச் செய்தவர் குழு உறுப்பினர்" என்று போட்டு, என் பெயர், இனிஷியலோடு. "அவரைக் கண்டித்துவிட்டோம்."

நான் பொத்தான் வைப்பதே இல்லை. கண்ணை நூலால்தான் தைப்பேன், பிய்த்தாலும் வராது. ஆர்டர் நிறைய வந்தபோது என் அச்சைப் பார்த்து நாத்தனாரும் சில பொம்மைகள் தைத்தாள். நூல் கண்ணுக்குப் பொறுமை வேண்டும். அது அவளிடம் இல்லை, அதனால் பொத்தானை ஒட்டினாள். என்னைக் கண்டித்தார்களாம்! கண்டித்தவர் யார், எப்போது, எந்தக் கனவில்?

நான் சும்மா விடவில்லை. அங்கேயே என் கணக்கிலிருந்து எழுதினேன். "அந்தப் பொம்மை நான் செய்தது இல்லை. என் பொம்மைக்குக் கண் நூலால் தைத்தது. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள்." என் தங்கை லைக் போட்டாள். குழுவில் பை தைக்கும் சிநேகிதி இதயம் போட்டாள். சரி, நாலு பேருக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று மனம் கொஞ்சம் ஆறியது. குழு அறைக்குப் போனபோது நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். உறைத்துவிட்டது போல, என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மழலைப் பள்ளி டீச்சர் போன் செய்து பொம்மை வேண்டாம் என்றார். அவருடைய வகுப்புக்கு என் பொம்மைகள்தான் போகும். அந்த வேலையை நம்பித்தான் என் வீடு நடக்கிறது. நான் நேரே பள்ளிக்குப் போனேன்.

"டீச்சர், நான்தான் பதில் போட்டிருக்கேனே. பாக்கலயா?"

"எங்கங்க போட்டீங்க? அதுக்காகத்தான் நானும் பாத்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலியேன்னு நெனச்சேன்."

என் போனைக் காட்டினேன். பதில் இருந்தது. அவர் தன் போனைக் காட்டினார். அந்தத் தாயின் புகார் இருந்தது, பேஜின் மன்னிப்பு இருந்தது, என் பெயர் இருந்தது. என் பதில் இல்லை. கீழே தள்ளிப் பார்த்தோம், மேலே தள்ளிப் பார்த்தோம். இல்லவே இல்லை.

டீச்சர் கொஞ்சம் சங்கடமாகச் சொன்னார். "மறைச்சு வெச்சிருக்காங்க. பேஜ்ல உரிமை இருக்கறவங்க ஒரு கமெண்ட்டை மறைச்சா, எழுதினவங்களுக்கும் அவங்க ஃப்ரெண்ட்ஸுக்கும் அது அப்படியேதான் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது. எங்க ஸ்கூல் பேஜையும் நான்தான் பாத்துக்கறேன். ஃபீஸைப் பத்தி எழுதறவங்களுக்கு நாங்களும் இப்படித்தான் செய்வோம்."

அழித்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும். மறுபடி எழுதியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். நாத்தனார் என்னைப் பேசவிட்டு, வெளியே ஊரின் காதைப் பொத்தியிருக்கிறாள். நான் என் தங்கையிடமும் சிநேகிதியிடமும் மட்டும் வீராவேசமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

குழு அறையில் தையல் மிஷின் சத்தம் கேட்டது. நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

"என் கமெண்ட்டை மறைச்சது யாரு?"

நாத்தனார் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தாள். அது அவள் கையில்தான் இருந்தது.

தலைவி அக்கா எழுந்து வந்தார். "எதுக்கும்மா கத்தற? கஸ்டமர் முன்னாடி நமக்குள்ளயே அடிச்சுக்கிட்டா குழு மானம் என்ன ஆகறது?"

"மானம் குழுவுக்கு, பழி எனக்கா? நல்ல பொம்மைக்குப் பேரு போட்டா பொறாமை வளரும்னீங்க. கெட்ட பொம்மைக்கு மட்டும் இனிஷியலோட போடறீங்க! அக்கா, பேஜைத் திறங்க. அந்த மன்னிப்பை எழுதினது யாருன்னு உங்களுக்குக் காட்டும்னு டீச்சர் சொன்னாங்க. வெளியில இருக்கற எங்களுக்குத்தான் காட்டாது."

அக்கா திறந்தார். பதிலுக்குக் கீழே சின்ன எழுத்தில் நாத்தனாரின் பெயர் இருந்தது. பை தைக்கும் சிநேகிதி எட்டிப் பார்த்து அதைச் சத்தமாகப் படித்தாள்.

"அண்ணி, நான் குழுவுக்காகத்தான்..." என்று நாத்தனார் இழுத்தாள்.

அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாத்தனாரைத் திட்டினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும், அது எனக்கும் தெரியும். கடைசியில் என்னைப் பார்த்துக் குழைந்தார். "இப்ப என்ன, உனக்கும் உரிமை தர்றேன். பேஜ் பேர்லயே ஒரு திருத்தம் போட்டுடு. முடிஞ்சுது."

பேஜைக் கவனிக்கும் உரிமைக்கான அழைப்பு என் போனில் வந்தது. ஏற்றுக்கொண்டேன். குழுவின் பெயரும் குழுவின் படமும் என் விரலுக்கு அடியில் வந்தன. எழுத ஆரம்பித்தேன். "எங்கள் உறுப்பினரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்." விரல் நின்றது. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? என்னிடம் நானே கேட்டுக்கொள்ளவா? அடித்த கையை ஒளித்துவிட்டு, அடி வாங்கினவளையே மருந்தும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எழுதியதை அழித்தேன். "உரிமை இருக்கட்டும், அது வேணும். இனிமே யார் செஞ்சாலும் பேரு போடுவேன். குழுவைக் கேக்காம யாரோட கமெண்ட்டையும் மறைக்கக் கூடாது. ஆனா இந்தத் திருத்தத்தை நான் எழுத மாட்டேன்." நாத்தனாரைப் பார்த்தேன். "நீ எழுது."

அவள் அண்ணியைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தார். அறையில் ஒருவரும் மிஷினைப் போடவில்லை. வேறு வழியில்லாமல் அவள் போனை எடுத்து எழுதினாள். "எங்கள் தவறு" என்று தொடங்கினாள்.

"எங்கள்னா யாரு? இவ பை தைக்கறா. அதோ அவங்க பாய் பின்றாங்க. இவங்களா பொத்தான் ஒட்டினாங்க? 'என் தவறு'ன்னு போடு. கீழ உன் பேரைப் போடு."

அழுதுகொண்டே போட்டாள். எனக்குப் பாவமாக இல்லை. அந்தக் குழந்தையின் தொண்டையை நினைத்தபோது கொஞ்சமும் இல்லை.

"போட்டாச்சு. உன் போன்ல பாத்துக்கோ" என்றார் அக்கா.

என் போன்லயா? நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரி மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் எனக்குப் பழக்கம், ஆனால் ஃபேஸ்புக்கில் எனக்கு ஃப்ரெண்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அண்ணே, உங்க போன்ல எங்க குழு பேஜைத் திறங்க. மேல என்ன இருக்கு?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினார். மெதுவாகப் படித்தார். "என் தவறு. பொத்தான் வைத்த பொம்மையைச் செய்தது நான்தான்" என்று இருந்தது. பிறகு என் பெயரைப் போட்டு, "அவர் செய்ததில்லை" என்று இருந்தது. கீழே நாத்தனாரின் பெயர்.

"உங்க பேரு வருதே. ஏம்மா, ஏதாவது பிரச்சனையா?"

கடையில் மருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாண்ணே" என்றேன். "இன்னொரு தடவை படிங்க. சத்தமா."