குவாரிக்குக் குறுக்கே ஒரு கோடு

மாமா எட்மண்டுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்க, சட்டை தொப்பலாக நனைந்து, பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஜூஸும் பிஸ்கட்டும் காரில். சின்ன நடைதானே என்று அங்கேயே விட்டு வந்தது என் புத்திசாலித்தனம்.

"ஓடு ஸ்டெபின், அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றாள் என் மனைவி ஜென்சி.

ஊரப்பாக்கம் தாண்டிய அந்தக் கரட்டுக் குன்றில் ஆடு போன பாதை, லாரி போன பாதை என்று நூறு இருக்கும். நடந்த வழியைப் பதியும் என் ஜி.பி.எஸ். வாட்ச்சில் 'தொடக்கத்துக்குத் திரும்பு' என்பதைத் தொட்டேன். நேர்கோடா, வந்த தடமா என்று கேட்டது. வந்த தடம் என்றேன். ஓடினேன்.

பத்து நிமிடத்தில் கல்குவாரியின் விளிம்பில் நின்றேன். கீழே பச்சைத் தண்ணீர். திரையில் என் தடமோ குழியின் மேலே வளைவே இல்லாமல் அக்கரைக்குப் போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் மாமா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தார். ஆபீஸ் நண்பர்கள் பார்க்கும் பதிவில் என் வேகம் கேவலமாக வரும் என்று பதிவை நிறுத்தி வைத்தேன். வரைபடத்தில் அம்பு நகர்ந்துகொண்டே இருந்ததால் மறந்தே போனேன். குவாரியைச் சுற்றி முடித்த பிறகுதான் பதிவை மீண்டும் தொடங்கினேன். இடையில் நடந்தது எதையும் வாட்ச் எழுதவில்லை. இரு முனைகளையும் ஒரு கோட்டால் சேர்த்துவிட்டது.

போன் அடித்தது. "எங்க இருக்கே? அப்பா பேச்சு குழறுது!"

"வாட்ச்ல சிக்னல் போயிடுச்சு" என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது!

நல்லவேளை, முந்தின நாள் போனில் வரைந்து வாட்ச்சுக்கு அனுப்பிய பாதை உள்ளேயே இருந்தது. அதைத் திறந்து, தலைகீழாகப் போ என்று கொடுத்தேன். 'பாதையில் இல்லை' என்று அதிர்ந்தது. கோட்டைத் தொடும்வரை பக்கவாட்டில் நடந்தேன். பிறகு 'இடப்புறம், நாற்பது மீட்டர்'. மீண்டும் அதிர்வு. வலப்புறம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

ஜூஸோடு திரும்பியபோது மாமா ஜென்சியின் தோளில் சாய்ந்திருந்தார். மெல்ல மெல்லக் குடித்தார். கால் மணி நேரத்தில் முகத்துக்கு நிறம் வந்தது.

"மாப்பிள்ளை, உங்க வாட்ச்தான் காப்பாத்துச்சு" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"இல்ல மாமா. லேட்டானதே என்னாலதான். நடுவுல நான் பதிவை நிறுத்திட்டேன்."

"ஏன்?"

ஜென்சி என்னையே பார்த்தாள்.

"நீங்க மெதுவா நடந்தீங்க. என் வேகம் கம்மியா காட்டும்னு."

மாமா பாட்டிலில் மிச்சமிருந்ததை என் பக்கம் நீட்டினார்.

"ஓடி வந்திருக்கீங்க, குடிங்க. இறங்கும்போது நீங்க முன்னால போயிடுங்க மாப்பிள்ளை. நாங்க ரெண்டு பேரும் பின்னால மெதுவா வரோம்."