முதல் முப்பது பேருக்கு மட்டும்

என் தங்கை பஸ்லினா கெப்ஷன் எழுதிச் சம்பாதிக்கிறவள். கண்டியில் ஓர் அபாயாக் கடை, ஒரு பேக்கரி, இரண்டு டியூஷன் வகுப்புகள், கார் கழுவுகிற இடம் ஒன்று என்று பலருடைய பேஸ்புக் பக்கங்கள் அவள் கையில்தான் இருக்கின்றன. ஒரு படத்தைப் போட்டு அதற்கு மேலே நான்கு வரி எழுதிவிட்டால் சனம் திரண்டு வந்துவிடும் என்பது அவளுடைய நம்பிக்கை. நான் கிரிக்கெட் பயிற்றுவிப்பாளன். பந்து விழுந்த இடத்தைத் தவிர வேறு எதையும் லேசில் நம்பமாட்டேன். ஆனாலும் எங்கள் அக்கடமிக்குப் பிள்ளைகளை எடுக்கும் தெரிவு நாளுக்கு ஓர் அறிவித்தல் தேவைப்பட்டபோது அவளிடம்தான் போனேன். வேறு யாரும் எனக்குச் சும்மா எழுதித் தரப்போவதில்லை.

இந்தத் தடவை விஷயம் விளையாட்டல்ல. அம்பிட்டியவில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மைதானம் சனிக்கிழமை காலைகளில் எங்களுக்குக் கிடைத்து வந்தது. கழகத்தின் செயலாளர் ஹேரத் மஹத்தயா ஓய்வுபெற்ற தபாலதிபர். அதிகம் பேசாதவர். பேசினால் முத்திரை குத்தியது மாதிரிதான். அவர் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "கோச், உங்கள் சனிக்கிழமை நேரத்தைக் கேட்டு புட்சால் பந்தாட்ட ஆட்கள் வந்திருக்கிறார்கள். உங்களிடம் பிள்ளைகள் குறைவு. தெரிவு நாளன்று நானே வந்து பார்க்கிறேன். மைதானம் நிறைந்தால் உங்களுக்கு. இல்லாவிட்டால் அவர்களுக்கு."

கிழமை நாட்களில் நான் மாமாவின் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிறேன். சனிக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாட்களையும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் போனால் நான் வெறும் ஆணிக்காரன். அந்தப் பயத்தோடுதான் பஸ்லினாவின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் எழுத எழுதச் சொன்னேன்.

பதின்மூன்று வயதுக்குக் கீழ், பதினைந்து வயதுக்குக் கீழ் என்று இரண்டு பிரிவுகள். இந்த வருடம் ஜனவரி முதலாம் திகதி அந்த வயது நிறைவடையாதவர்கள் வரலாம். ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இருவரும். காலை எட்டரைக்கு மைதானத்திலேயே பதிவு. தெரிவுக் கட்டணம் ஐந்நூறு ரூபா. எடுபட்டால் மாதக் கட்டணம் மூவாயிரம். கொண்டுவர வேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் பிரதி, வெள்ளை உடை அல்லது டிரக் சூட், விளையாட்டுச் சப்பாத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மட்டை, கால் பேட், கிளவுஸ், ஹெல்மட், இடுப்புக்குக் கீழே உள்ளே போடுகிற கார்ட். பெற்றோரில் ஒருவர் கூட வரவேண்டும்.

அவள் எழுதியதை வாசித்துப் பார்த்தாள். உப்பில்லாத கறியைச் சுவைத்த முகம்.

"நானா, இது மையத்து அறிவித்தல், சாவு நோட்டீஸ் மாதிரி ஈக்கி. இத வாசிச்சா ஒரு புள்ளயும் வராது."

"உள்ளதத்தானே செல்லீக்கி?"

"உள்ளத மட்டும் செல்லி ஆரு யாவாரம் செஞ்ச? கொஞ்சம் பொறுங்க."

நட்சத்திரம், நெருப்பு, கிண்ணம் என்று சின்னச் சின்னப் படங்களைத் தூவினாள். கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். 'முதல் முப்பது பேருக்கு மட்டும்! இன்றே முந்துங்கள்!'

"முப்பது எண்டு ஆரு செல்லின?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் அப்பிடித்தான் போடுற. இல்லாட்டி ஆக்கள் நாளைக்குப் பாப்பம் எண்டு உட்டுடுவாங்க."

உண்மையைச் சொன்னால் அந்த வரி எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. முண்டியடிக்கிற கூட்டத்தைத் தடுத்து நிறுத்துகிற பயிற்றுவிப்பாளனாக என்னைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன். தமிழிலும் சிங்களத்திலும் போட்டாள். அன்று மாலைக்குள் லைக்குகள் குவிந்தன. 'மாஷா அல்லாஹ்' என்று எழுதாத சொந்தக்காரர் இல்லை. உம்மா அதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவே, வருகிற பிள்ளைகளுக்கென்று இரண்டு பெரிய தாச்சி நிறைய ரோல்ஸ் பொரிக்க ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தது. மழை இல்லை, மூடுபனி இல்லை, சாக்கு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நெட் கட்டி, கூம்புகளை வைத்து, கிட் பேக்கைத் திறந்து பரப்பிவிட்டுக் காத்திருந்தேன். எட்டரைக்கு மூன்று பேர். ஒன்பதுக்கு எட்டுப் பேர். அதில் நான்கு பேர் உம்மாவின் தங்கையான எங்கள் சாச்சியின் பிள்ளைகள். இன்னொருவன் பதின்மூன்றுக்குக் கீழ் என்று வந்து நின்றான். அவனுக்கு என்னைவிட ஒழுங்கான மீசை இருந்தது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். பதினைந்துக்கும் மேல். "தம்பி, நீங்க எனக்கு உதவிக் கோச்சா வரலாம்" என்று சொல்லி அனுப்பினேன். ஏழாகிவிட்டது.

ஹேரத் மஹத்தயா எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பிளேன்டிக் கோப்பை. வெறுமையாய்க் கிடந்த மைதானத்தை ஒரு தடவை பார்த்தார், நெட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த நேரம்தான் கைத்தொலைபேசி அடித்தது.

"வணக்கம் சார், வத்தேகமவுக்கு மேல தேயிலைத் தோட்டத்துல இருந்து மூக்கையா பேசுறேன். தப்பா நெனைக்காதீங்க. முப்பது பேரு முடிஞ்சிருச்சுங்களா?"

"முப்பதா? இங்க ஏழு பேருதான் ஈக்காங்க!"

"ஏழா? சார், எங்க லயத்துப் புள்ளைங்க எட்டுப் பேரு நேத்து ராவெல்லாம் தூங்கல. நாங்கதான் வேணாம்னுட்டோம். ரோட்டுக்கு எறங்கி, ரெண்டு பஸ்ஸு மாறி அங்க வர்றதுக்குள்ள டவுன் புள்ளைங்க முப்பதையும் எடுத்துருவாங்கல்ல? அஞ்ஞூறு ரூவாயும் பஸ் காசும் போட்டு வந்து வாசல்ல நிக்கிறதான்னு விட்டுட்டோம். என் மக கிருஷாந்தி காலையில இருந்து பேச மாட்டேங்கிறா. அதான் கேட்டுப் பாப்போம்னு..."

எனக்கு விளங்கியது. தூரத்து ஆட்கள் அந்த வரியை நம்பினார்கள், அதனால் வரவில்லை. பக்கத்து ஆட்களோ பஸ்லினாவின் வரிகளை நன்றாக அறிந்தவர்கள். அபாயாக் கடையில் 'கடைசி ஐந்து மட்டும்' என்பது நோன்புக்கு முன்னால் இருந்தே தொங்குகிறது. அவர்கள் நம்பவில்லை, அதனால் அவசரப்படவில்லை. நம்பினவனும் வீட்டில், நம்பாதவனும் வீட்டில். மைதானத்தில் நானும் சாச்சியின் பிள்ளைகளும்.

"மூக்கையா அண்ணன், உடனே வெளிக்கிடுங்க. பகல் ரெண்டு மணி வரைக்கும் இங்கதான் ஈப்பன்."

"மட்டை, பேடெல்லாம் எழுதியிருந்துச்சே சார். நம்ம புள்ளைங்க டென்னிஸ் பந்துல வெளையாடுறதுங்க. அதெல்லாம் கெடையாது."

"கிட் பேக்ல எல்லாம் ஈக்கி. கடினப் பந்துக்கு ஹெல்மட் கட்டாயம், அதையும் நான் தாறன். கார்ட் மட்டும் வார வழியில கடையில வாங்கிக்கிட்டு வாங்க. அது மட்டும் ஆருட்டயும் இரவல் வாங்கப்படாது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மைதான உருளையின் மீது உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த பஸ்லினாவிடம் போனேன். நான் கத்தப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எழுது. படம் வாணாம், நெருப்பு வாணாம். நான் செல்றத அப்பிடியே எழுது."

எழுதினாள். 'முப்பது பேர் என்று போட்டது சும்மா. அப்படி ஒரு கணக்கு இல்லை. இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். பகல் இரண்டு மணி வரை காத்திருப்போம். மட்டை, பேட், ஹெல்மட் இல்லாவிட்டால் எங்களிடம் உண்டு. வெள்ளை உடை இல்லாவிட்டால் இருப்பதை உடுத்துக்கொண்டு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க நேரமில்லாவிட்டால் தொலைபேசியில் படம் போதும். வயது எல்லையும் கட்டணமும் முன்பு சொன்னதுதான். தயவுசெய்து வாருங்கள்.'

"தயவுசெய்து எண்டு ஒருத்தனும் கெப்ஷன்ல போடுறல்ல, நானா."

"போடு."

கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தாள். 'உம்மாவின் ரோல்ஸும் இருக்கிறது.' அதை நான் அழிக்கவில்லை. அது உண்மைதானே.

ஹேரத் மஹத்தயாவிடம் போய், பன்னிரண்டு மணி வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் பஸ்லினா ரோல்ஸ் தட்டை நீட்டிவிட்டாள். ஒன்றை எடுத்துக் கடித்தார். எழுந்து போகவில்லை.

முதலில் வந்தது பக்கத்து ஒழுங்கையில் இருந்து ஓர் அண்ணனும் தங்கையும்; காற்சட்டையும் பாட்டா செருப்புமாக வந்தார்கள். பிறகு ஒரு முச்சக்கர வண்டியில் இருந்து எப்படித்தான் இறங்கினார்களோ, ஐந்து பேர். கடுகண்ணாவையில் இருந்து ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளில் இரண்டு மகன்மாரை ஏற்றிக்கொண்டு வந்து, "ஏழு பேருதான் எண்டு செல்லினீங்க, பாவமா ஈந்திச்சி" என்றார். நான் வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவரைக் கட்டிப்பிடித்தேன். பஸ்லினா பெயர்களைப் பதிந்தாள், நான் வயதைப் பார்த்துப் பிரித்தேன். ஒரு வரிசை நெட்டுக்கு, ஒன்று பந்து வீச, ஒன்று பிடி எடுக்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஓவர் மட்டை, ஒரு ஓவர் பந்து. ஒரு ஹெல்மட்டைத் துடைத்துத் துடைத்துத் தலை மாற்றிக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னர் மூக்கையாவின் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். எட்டுப் பிள்ளைகள், அவர்களோடு வந்த பெரியவர்கள் என்று ஒரு ஊரே இறங்கியது. மெலிந்த பெண் ஒருத்தி பள்ளிக்கூடச் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள்தான் கிருஷாந்தி. வயது பதினான்கு. கடினப் பந்தை முதல் தடவை கையில் வாங்கி, "பாரமா இருக்கு சார்" என்றாள். முதல் பந்து நெட்டுக்கு மேலே போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்றாவது பந்து நடு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. சாச்சியின் மூத்த மகன் மட்டையோடு அப்படியே நின்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். இப்படி ஒரு பந்தைப் பார்க்கத்தான் நான் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

மைதானத்தைச் சுற்றிப் பார்த்தேன். கூம்புகள் போதாமல் சப்பாத்துகளை வைத்து எல்லை போட்டிருந்தார்கள். ரோல்ஸ் தட்டில் தூள்தான் மிச்சம்.

ஹேரத் மஹத்தயா கதிரையை விட்டு எழுந்து என்னிடம் வந்தார். தீர்ப்பு வரப்போகிறது என்று நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"கோச், அந்த முப்பது பேர் விஷயம் உண்மையிலேயே சும்மாவா?"

"சும்மாதான் மஹத்தயா. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. நானும் அந்த அறிவித்தலைப் பார்த்தேன். மைதானம் தருகிறவனின் பேத்தி என்று நீங்கள் அவளை எடுப்பீர்கள், அதனால் ஒரு பிள்ளையின் இடம் போகும் என்று நினைத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அழுதுகொண்டிருக்கிறாள்." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இரண்டு மணிக்குள் கூட்டிக்கொண்டு வரட்டுமா?"

பலமாகத் தலையை ஆட்டினேன். அவர் வாசல் வரை வேகமாக நடந்து போய், அங்கிருந்து திரும்பிக் கத்தினார்:

"அடுத்த சனிக்கிழமையும் எட்டரைக்குத்தானே?"