ஆறடி நாலு அங்குலக் கட்டை

டெய்லரம்மா வீடு கட்டும் இடத்துக்கு வரும்போது கையில் மூன்று சாமான்கள் இருக்கும். அளவு டேப், தண்ணீர் பாட்டில், ஒரு நீளமான மரக்கட்டை. முதல் இரண்டையும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கட்டையைப் பார்த்துத்தான் வேலையாட்கள் சிரிப்பார்கள்.

"என்ன, இன்னிக்கு வீட்டுக்காரர் வரலையா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"ஆட்டோவுல நெட்டுவாக்குல வெச்சுக் கொண்டாந்தேன். அவருக்கு அதுலயும் தலை இடிச்சுது," என்று டெய்லரம்மா கட்டையைச் சுவரில் சாத்துவாள்.

விஷயம் இதுதான். அவள் கணவன் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்ப்பவன். போனால் எட்டு மாதம், ஒன்பது மாதம் ஆகும் திரும்பி வர. உயரம் ஆறடி நாலு அங்குலம். கப்பலில் எந்தக் கதவும் அவனுக்காகச் செய்யப்பட்டதில்லை. கரைக்கு வந்தால் வாடகை வீடு. பதினோரு வருஷத்தில் நாலு வீடு மாறினார்கள், நாலிலும் வாசல் குட்டை. இப்போது இருக்கும் வீட்டுக்குக் குடிபோன அன்றே நெற்றியில் மூன்று தையல். அவனுக்கு வாசலைக் கண்டாலே வலது கை மேலே போய்விடும். உள்ளங்கையை நிலையின் மேல்கட்டையில் வைத்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நுழைவான்.

வரைபடத்தைப் போட்டபோது தரையில் என்ன கல், சமையலறை எந்தப் பக்கம் என்று எதையும் அவன் கேட்கவில்லை. "நம்ம வீட்டுலயாவது நான் நிமிர்ந்து உள்ள வரணும், அவ்வளவுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பலேறினான். அவன் வாயைத் திறந்து அவளிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். புடவைக்கடை பொம்மைக்குக்கூட அளவெடுத்துத் தைக்கிறவள் அதை விட்டுவிடுவாளா? மறுநாளே மரக்கடையில் கட்டையை அவன் உயரத்துக்கு அறுத்து வாங்கினாள். வாயால் அளவு சொன்னால் மேஸ்திரி ஏதாவது சொல்லித் தட்டிவிடுவார். கட்டையை நிறுத்தினால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

மேஸ்திரி நல்ல மனிதர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் பீடியோடு பேசிக்கொண்டிருப்பார். வரைபடத்தில் அவளுக்குப் புரியாத மூன்று வார்த்தைகளையும் அவள் அவரிடம்தான் கற்றுக்கொண்டாள்.

"பிளிந்த்ங்கறது நாங்க சொல்ற பேஸ்மட்டம். மண்ணுக்கு மேல எழும்பி நிக்குற மேடை. அதுமேலதான் சுவரு. லிண்டல்ங்கறது வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேல படுத்துக்கிட்டிருக்குற கான்கிரீட் கட்டை, மேல வர்ற சுவரைத் தாங்குறது. ஸ்லாப் உங்க தலைக்கு மேல வர்ற தளம். அது ஏறிட்டா அப்புறம் கீழ எதையும் மாத்தணும்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"வாசல் லிண்டல் எவ்வளவு உயரம்?"

"ஏழடி."

இந்த ஏழடியை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தச்சனிடம் ஏழடிக்கு நிலை செய்யச் சொல்லி, அதுவும் வந்து மூலையில் நின்றது. மேல்கட்டை மூன்று அங்குலம் போனாலும் ஆறடி ஒன்பது அங்குலம் வழி கிடைக்கும். அவன் தலைக்கு மேல் ஐந்து அங்குலம் காற்று. அன்று இரவு போனில் "உனக்கு மேல ஒரு சாண் இடம் விட்டிருக்கேன்" என்று கணவனிடம் சற்றுக் கூட்டியே சொல்லிவிட்டாள்.

சுவர் ஏறிக்கொண்டிருந்த சமயம் மேஸ்திரி மகளுக்குப் பிரசவம். மூன்று நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேலையைத் தன்னிடம் பல வருஷமாக இருக்கும் மீசைக்காரக் கொத்தனாரிடம் விட்டுப் போனார். போகும்போது சுவரைச் சுற்றி தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துப் போட்டிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, "இதுலேர்ந்து நாலடி. அங்க லிண்டல்," என்றார்.

இரண்டாம் நாள் மதியம் டெய்லரம்மா வந்தாள். வாசலின் இரண்டு பக்கச் சுவரும் அவள் நினைத்ததைவிட உயரமாக எழும்பியிருந்தன. டேப்பை பிளிந்த் மேல் ஊன்றி இழுத்தாள். ஏழடி ஐந்து அங்குலம். நிலையைத் தூக்கி வாசலில் நிறுத்தச் சொன்னாள். நிலைக்கு மேலே கை நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது.

"என்னங்க இது? நிலை ஏழடி, சுவரு ஏழே கால் அடிக்கு மேல போவுது?"

"அண்ணன் கோட்டுலேர்ந்து நாலடின்னாருங்க," என்றார் மீசைக்காரர்.

"கோடு என்ன கோடு! பிளிந்த்லேர்ந்து ஏழடின்னு அவர் வாயாலயே என்கிட்ட சொன்னாரு. வாசலுக்கு மேல இவ்வளவு ஓட்டையை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? மேல் செங்கல் வரியை எடுங்க. நிலை மேல அப்படியே உக்கார்ற மாதிரி லிண்டலைப் போடுங்க."

'பிளிந்த்லேர்ந்து' என்று மேஸ்திரி சொல்லவே இல்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் புது வார்த்தை நாக்கில் அவ்வளவு சரளமாக வந்ததில் அவளுக்கே அது தெரியவில்லை. மீசைக்காரர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வீட்டுக்காரியோடு வாக்குவாதம் பண்ணி வேலையைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை. மேல் வரியைப் பிரித்து, ஏழடிக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, சாயங்காலத்துக்குள் வாசல் லிண்டலைப் போட்டு முடித்தார். டெய்லரம்மா திருப்தியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் மேஸ்திரி ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்துவிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தவர், வாசலில் நின்று சிவப்புக் கோட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"யார் சொல்லி இங்க போட்ட?"

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த சாந்தைத் துடைத்தார்.

"பதினாலு வருஷமா என்கூட இருக்க. கோடு தெரியலையா உனக்கு? கண்ணை எங்க வெச்சிருந்த?"

டெய்லரம்மா அப்போதுதான் ஆட்டோவிலிருந்து கட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். என்ன தப்பு என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் அந்த ஆள் தனக்காகத் திட்டு வாங்குவது புரிந்தது. பேசாமல் நின்றிருக்கலாம், யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. கட்டையோடு முன்னால் வந்தாள்.

"அவரைச் சொல்லாதீங்கண்ணே. அவர் கோட்டைத்தான் சொன்னாரு. நான்தான் எறக்கிப் போடச் சொன்னேன்."

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"அந்தக் கட்டையைக் கொடுங்க," என்றார்.

வாசலுக்குள் பிளிந்த் மேல் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தார். அதன் மேல் இன்னும் இரண்டு அங்குலத்துக்கு உடைந்த துண்டுகளை அடுக்கினார்.

"இது என்ன தெரியுமா? உங்க தரை. மூணு இஞ்ச் கான்கிரீட், அதுமேல சாந்து, அதுமேல டைல்ஸ். எல்லாம் சேர்த்து அஞ்சு இஞ்ச். பேஸ்மட்டம் தரை இல்லம்மா. தரை இன்னும் வரவே இல்ல. லிண்டலும் ஸ்லாப்பும் வரப்போற தரையிலேர்ந்துதான் கணக்கு. அந்தச் சிவப்புக் கோடு தரைக்கு மேல மூணடி. அதுலேர்ந்து நாலு. ஏழாச்சா?"

கட்டையைத் தூக்கி அந்த அடுக்கின் மேல் வைத்து, வாசலில் நின்ற நிலைக்கு அடியில் நிமிர்த்தினார். கட்டையின் நுனி நிலையின் மேல்கட்டையில் போய் முட்டியது. ஒரு காகிதம் நுழைய இடமில்லை.

டெய்லரம்மா கட்டையின் நுனியையே பார்த்தாள். செருப்பு போட்டிருந்தால் கணவன் நெற்றி நேராக அதில்தான் படும். ஐந்தாவது வாடகை வீட்டைத் தன் காசில், தன் கையால், தானே அளவெடுத்துக் கட்டியிருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பாவாடை தைக்கும்போது அடி மடிப்புக்குத் துணி விடாமலா வெட்டுவீங்க?" என்றார் மேஸ்திரி. குரலில் சூடு இறங்கியிருந்தது.

"இருவது வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்லண்ணே. இங்க வந்து மறந்துட்டேனே."

"மறந்தா என்ன, பிரிச்சுத் தைக்கிறதில்லையா? நேத்துப் போட்ட கான்கிரீட்தான். இன்னும் கெட்டிப்படல. பத்து நாள் கழிச்சு வந்திருந்தேன்னா ஸ்லாப்புக்குச் சாரம் ஏறியிருக்கும். அப்ப நீங்க அழுதாலும் பிரயோஜனம் இல்ல." பிறகு மீசைக்காரரைப் பார்த்து, "சுத்தியலை எடுப்பா. இனிமே வீட்டுக்காரங்க சொன்னாலும் கோட்டை விட்டு இறங்காத. எனக்கு ஒரு போனைப் போடு," என்றார். திட்டியதற்கு அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். மீசைக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

மதியத்துக்குள் லிண்டலை உடைத்து இறக்கினார்கள். பிரித்த வரியைத் திரும்ப வைத்து, மிச்சத்துக்குக் கான்கிரீட்டால் சமம் செய்து, கோட்டிலிருந்து நாலடியில் புது லிண்டலைப் போட்டார்கள். டெய்லரம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து ஏழு நாளும் தானே தண்ணீர் ஊற்றினாள். மறந்தும் டேப்பைத் தொடவில்லை.

பிறகு சுவர் எழும்பியது. ஸ்லாப் போட்ட அன்று காலையிலிருந்து மாலை வரை கலவை மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள், மூன்று வாரம் கழித்துத் தளத்தைத் தாங்கிய முட்டுகளை எடுத்தார்கள். பூச்சு முடிந்து கடைசியில் தரை வந்தது, மேஸ்திரி சொன்ன அதே ஐந்து அங்குலம். நிலையின் கால் புதுத் தரையில் வந்து உட்கார்ந்தது.

கணவன் வந்து இறங்கிய அன்று மேஸ்திரியும் மீசைக்காரரும் வாசல் படியில் ஓரம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து அவன் மடங்கி மடங்கி வெளியே வருவதைப் பார்த்து, "கட்டைக்குக் கை கால் முளைச்சிருச்சு," என்றார் மீசைக்காரர்.

டெய்லரம்மா உள்ளே ஓடிப்போய் நின்றுகொண்டாள். அவன் படியேறினான். வாசலைக் கண்டதும் வலது கை மேலே போனது, தலை தோளுக்குள் இறங்கியது. ஐந்து அங்குல இடத்தைத் தலைக்கு மேல் வீணாக விட்டுவிட்டுக் கூனிக் குறுகி உள்ளே வந்து நின்றான்.

"நல்லாருக்கு!" என்றாள் அவள். "இதுக்காடா நான் போட்ட லிண்டலை உடைச்சேன்? வெளிய போ. மறுபடி வா."

போனான். மறுபடி வந்தான். மறுபடி குனிந்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பண்ண? வாசலைப் பார்த்தா கழுத்து தானா மடங்குது."

"என்னைப் பாரு."

"உன்னைப் பார்க்கணும்னாலும் குனியணுமே!"

அது உண்மைதான். அவள் அவன் மார்பளவு. டெய்லரம்மா சுற்றிலும் பார்த்தாள். பூச்சு வேலைக்குப் போட்டிருந்த பலகை ஒன்று இரண்டு பெயிண்ட் டப்பா மேல் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறி, வாசலுக்கு நேராக நின்றாள். மேஸ்திரி பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப பாரு. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத. கையைக் கீழ போடு. வா."

அவன் கையைக் கீழே போட்டான். அவள் கண்கள் அவன் கண்களுக்கு நேராக இருந்தன. முதல் அடியை மெதுவாக வைத்தான். நிலைக்கு அடியில் வந்தபோது கழுத்து ஒரு கணம் துடித்தது. அவள் தலையை அசைத்தாள். அவன் நிமிர்ந்தபடியே வாசலைத் தாண்டி, பலகைவரை வந்து, அவள் முன்னால் நின்றான். பிறகுதான் திரும்பி, தலைக்கு மேல் எங்கோ இருந்த அந்த மேல்கட்டையைப் பார்த்தான்.

"இடிக்கலையே," என்றான்.